தம்பியைக் குரூப் போட்டோவில் சேர்த்த பிறகு: 100% ஜூமில் கடைசிப் பரிசோதனை

அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில், விழாவுக்கு வர முடியாத மகனைச் சேர்த்துக் கொடுத்தேன். பிரிண்ட் ஃபிரேமாகி அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. ஆளை வெட்டி எடுத்துச் சேர்ப்பது எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை. சேர்த்து முடித்த படத்தை லேபுக்கு அனுப்புவதற்கு முன், முழு ஜூமில் வைத்து நிறம், விளிம்பு, நாய்ஸ் மூன்றும் மற்றவர்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த வேலையைத்தான் பதிவு செய்கிறேன். முழுப் படமாகத் திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது மூன்றுமே ஒத்துப்போகவில்லை.

முதலில் இரண்டு படங்களைப் பற்றி. குரூப் படம் கல்யாண மண்டபத்தில் எடுத்தது. 24 மெகாபிக்சல் கேமரா, 6000 × 4000 பிக்சல், ISO 1600. இடது பக்கம் குடை வைத்த ஃபிளாஷ், பின்னால் மண்டபத்தின் மஞ்சள் விளக்குகள், அதற்கும் பின்னால் மெரூன் திரைச்சீலை. "அண்ணா, தம்பி ஷார்ஜாவுல இருக்கான். அவனுக்கு ஒரு ஆள் நிக்கிற இடம் விட்டு எடுங்க, அப்புறமா சேத்துக்கலாம்" என்று மூத்த மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே இடைவெளி விட்டு எடுத்தேன். தம்பியின் படம் ஃபோனில் எடுத்தது, 12 மெகாபிக்சல். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டியோடு பால்கனியில் நிற்கிறார், பின்னால் வெறும் வானம். வெளிச்சம் இவருக்கும் இடது பக்கத்திலிருந்தே வருகிறது. அதைப் படம் வந்த உடனே பார்த்துவிட்டேன், ஏனென்றால் ஒளியின் திசை மாறியிருந்தால் கடைசியில் எந்தப் பரிசோதனையும் அதைக் காப்பாற்றாது. குரூப் படத்தில் நிற்பவர்களின் உயரத்துக்கு அவரைக் கொண்டுவர 85 சதவீதமாகச் சுருக்க வேண்டியிருந்தது. இந்த 85-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஃபிரேம் அளவு 24 × 16 அங்குலம். 6000 பிக்சலை 24 அங்குலத்தில் அடித்தால் அங்குலத்துக்கு 250 பிக்சல். என் மானிட்டர் 24 அங்குலம், 1920 × 1080. அதில் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். அதாவது 100%-இல் பார்க்கும்போது, பிரிண்டில் இருக்கப்போவதைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு பெரிதாகப் பார்க்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டு வைக்காவிட்டால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். 300%-இல் வைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாத ஒரு பிக்சலுக்காக மணிக்கணக்கில் உட்காருவோம், அல்லது 33%-இல் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். நான் வைத்திருக்கும் முறை இது: 200%-இல் காரணத்தைத் தேடுவது, 100%-இல் திருத்த வேண்டுமா என்று முடிவு செய்வது, 37% வாக்கில் பிரிண்ட் அளவில் ஒருமுறை பார்த்து உறுதி செய்வது.

100%-க்கு ஃபோட்டோஷாப்பில் Ctrl+1. குறைந்த ஜூமில் ஃபோட்டோஷாப் படத்தின் சிறிய பிரதி ஒன்றை எடுத்துத்தான் காட்டுகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் கலந்து சராசரியாகிவிடுவதால் நாய்ஸ் கரைந்துபோய்த் தெரியும். நாய்ஸ் லேயர் போட்டிருந்தால் அதன் உண்மையான பலமும் 100%-இல்தான் தெரியும். Home அடித்தால் இடது மேல் மூலைக்குப் போகும். அங்கிருந்து Page Down ஒரு திரை கீழே, Ctrl+Page Down ஒரு திரை வலப்பக்கம். மவுஸால் இழுத்துக்கொண்டு போனால் கண் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும். கீபோர்டில் இப்படிப் போனால் எந்த இடமும் விட்டுப்போகாது. கூடவே Window > Arrange வழியாக அதே ஃபைலுக்கு இரண்டாவது ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் முழுப் படத்தை வைத்துக்கொண்டேன். மானிட்டரின் இரவு நேர மஞ்சள் மோடையும் அணைத்துவிட்டேன்.

முதலில் நிறம். இந்த வரிசை முக்கியம். நிறத்தைத் திருத்த கர்வ்ஸை அசைத்தால் அது நாய்ஸையும் கூட்டிக் குறைக்கும், விளிம்பில் ஒளிந்திருக்கும் பழைய பின்னணியின் நிறத்தையும் வெளியே கொண்டுவரும். அதனால் நிறம் முடியாமல் மற்ற இரண்டில் கை வைத்தால் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எல்லா லேயர்களுக்கும் மேலே ஒரு Solid Color லேயர், மூன்று சேனலும் 128, பிளெண்ட் மோடு Luminosity. இதைப் போட்டதும் படத்தில் வெளிச்ச வித்தியாசம் எல்லாம் மறைந்து நிறம் மட்டும் நிற்கும். வெள்ளைச் சட்டைகளும் வேட்டிகளும் சுற்றிலும் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தன, தம்பியுடையது மட்டும் தெளிவான நீலம். சாதாரணப் பார்வையில் இரண்டும் வெள்ளைதான். வெள்ளை என்று கண் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதற்குள் இருக்கும் நிறச் சாய்வைக் கவனிப்பதில்லை.

அடுத்து, அந்தச் சோதனை லேயரை அணைத்துவிட்டு எண்களைப் பார்த்தேன். ஐட்ராப்பர் கருவியை 11 by 11 Average-இல் வைத்தேன், ஒற்றைப் பிக்சலை எடுத்தால் நாய்ஸ் ஏமாற்றிவிடும். சித்தப்பா சட்டையின் வெளிச்சமான பக்கம் 232, 226, 215. தம்பி சட்டையில் அதே மாதிரி இடம் 228, 229, 232. நிழலான மடிப்பில் சித்தப்பாவுக்கு 168, 157, 141. தம்பிக்கு 160, 163, 169. இந்த இரண்டு ஜோடியையும் சேர்த்துப் பார்த்தால் கதை புரிகிறது. வெளிச்சத்தில் நீலம் 17 அதிகம், நிழலில் 28 அதிகம். பால்கனியில் சட்டையின் நிழலுக்குள் வெளிச்சம் வந்தது நீல வானத்திலிருந்து. மண்டபத்தில் நிழலுக்குள் வந்தது மஞ்சள் விளக்கிலிருந்து. ஆகவே ஒரே அளவாக மஞ்சளைக் கூட்டும் திருத்தம் இங்கே போதாது. முதலில் Color Balance-இல் Midtones-ஐ மட்டும் நகர்த்திப் பார்த்தேன். சட்டையின் வெளிச்சப் பக்கம் சேர்ந்தது, மடிப்புகள் நீலமாகவே நின்றன. அதை அழித்துவிட்டு, தம்பியின் லேயருக்கு மட்டும் படும்படி ஒரு கர்வ்ஸ் லேயரைக் கிளிப் செய்து, ஒவ்வொரு சேனலிலும் இரண்டு புள்ளி வைத்தேன். நீலத்தில் 232-ஐ 214-க்கும் 169-ஐ 142-க்கும் இறக்கினேன். பச்சையில் சிறிய இறக்கம், சிவப்பில் நிழல் பக்கம் மட்டும் சிறிய ஏற்றம். மேலே இருந்த சோதனை லேயரை மறுபடி போட்டதும் நீலம் போய், பக்கத்தில் இருக்கும் அதே வெளிர் மஞ்சள் வந்தது.

முகத்தின் எண்களை இப்படிப் பக்கத்தில் நிற்பவரோடு பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அக்காவும் தம்பியும் ஒரே நிறம் இல்லை. இவரை அவர் நிறத்துக்குக் கொண்டுவந்தால் படம் ஒட்டிவிடும், ஆனால் அந்த ஆள் அவராக இருக்க மாட்டார். துணியின் வெள்ளையையும் கண்ணின் வெள்ளையையும் வைத்து ஒளியை மட்டும் திருத்தினால் முகம் தானாகவே தன் இடத்துக்கு வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் வந்தது.

நிறத்தில் இன்னொரு இடம் மிச்சம் இருந்தது, கருமை. சித்தப்பாவின் தலைமுடியில் மிக இருண்ட இடம் 24, 20, 19. தம்பியின் முடியில் 6, 6, 8. மண்டபத்தின் விளக்குகள் லென்ஸுக்குள் நேராக அடித்ததால் குரூப் படத்தில் எங்குமே முழுக் கறுப்பு இல்லை, எல்லாக் கறுப்பும் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. தம்பி மட்டும் அந்தப் புகை படியாமல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றார். "ஏதோ ஒட்டின மாதிரி இருக்கு" என்று வாடிக்கையாளர் சொல்வார்கள், ஆனால் எங்கே என்று அவர்களால் சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணம் இதுதான். கர்வ்ஸில் இடது கீழ் மூலைப் புள்ளியைச் சிவப்பில் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் உயர்த்தி 23, 20, 19-க்குக் கொண்டுவந்தேன். அந்த ஒரு திருத்தத்தில் அவர் மற்றவர்களின் வரிசைக்குப் பின்வாங்கிவிட்டார்.

சரி, விளிம்பு. முதல் வேலை, மாஸ்கில் விட்டுப்போன துணுக்குகளைக் கண்டுபிடிப்பது. தம்பியின் லேயருக்கு Layer Style-இல் 3 பிக்சல் சிவப்பு Stroke போட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துணுக்கையும் சுற்றிச் சிவப்பு வட்டம் விழும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த இடுக்கில் இரண்டு மூன்று வட்டங்கள் தெரிந்தன, பால்கனிக் கம்பியின் மிச்சம். மாஸ்கில் கறுப்பு பிரஷால் அழித்துவிட்டு Stroke-ஐ எடுத்தேன்.

பிறகு 200%-இல் இடது பாதத்தில் தொடங்கி உடலைச் சுற்றி ஒரு முழு வலம். இங்கே எதைத் தேட வேண்டும் என்பதை முதலில் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சித்தப்பாவின் தோளில் சட்டையின் வெள்ளை திரைச்சீலையின் மெரூனாக மாற மூன்று பிக்சல் எடுத்துக்கொள்கிறது. தம்பியின் தோளில் ஒரே பிக்சலில் மாறிவிடுகிறது. 85 சதவீதமாகச் சுருக்கியதன் விளைவு இது. ஃபோன் ஏற்கெனவே கூர்மையாக்கிக் கொடுத்த படம், சுருங்கியதில் இன்னும் கூர்மையாகிவிட்டது. விளிம்பு சுத்தமாக இருப்பதே இங்கே குற்றம்.

மாஸ்கை Gaussian Blur-இல் 0.8 பிக்சல் மங்கலாக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்துச் செய்தேன். மென்மை வந்தது, கூடவே தோள் முழுக்க ஒரு வெளிறிய நீலக் கோடும் வந்தது. மாஸ்க் மங்கும்போது வெளிப்பக்கமும் அரை பிக்சல், ஒரு பிக்சல் திறந்துகொள்கிறது, அங்கே இருப்பது பால்கனி வானம். திரும்ப வந்து வரிசையை மாற்றினேன். முதலில் Select and Mask-இல் Shift Edge-ஐ மைனஸ் பக்கம் தள்ளி மாஸ்கை ஒரு பிக்சல் அளவுக்கு உள்ளே இழுத்தேன், அதற்குப் பிறகு 0.8 மங்கல். கோடு பெரும்பாலும் போய்விட்டது.

போகாமல் நின்றது தலைமுடியும் வலது தோளும். ஃபோன் கூர்மையாக்கும்போது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எல்லையில் ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்துவிடுகிறது. அது முடி இழைகளுக்கு இடையிலும் சட்டையின் ஓரத்துக்குள்ளும் இருப்பதால் மாஸ்கை எவ்வளவு இழுத்தாலும் ஒரு பகுதி தங்கும். Decontaminate Colors-ஐப் போட்டுப் பார்த்ததில் முடி நன்றாக வந்தது, ஆனால் சட்டைக் கையின் ஓரத்தில் தோல் நிறம் கசிந்தது. அதை விட்டுவிட்டேன். கைகொடுத்தது குளோன் ஸ்டாம்ப். தம்பியின் லேயருக்கு மேலே வெற்று லேயர் ஒன்றைக் கிளிப் செய்து, குளோன் ஸ்டாம்பின் மோடை Darken-இலும் Sample-ஐ Current & Below-இலும் வைத்து, பக்கத்தில் இருக்கும் முடியிலிருந்தே எடுத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டினேன். Darken என்பதால் எடுத்த நிறத்தைவிட வெளிச்சமான பிக்சல் மட்டும்தான் மாறும், முடியின் இருண்ட இழைகள் அப்படியே இருக்கும். பிரஷ் 6 பிக்சல், Flow 30 சதவீதம். தோளுக்கும் இதே. முடியிலிருந்து பிரிந்து நிற்கும் ஒற்றை இழைகளை வரைந்து சேர்க்கலாமா என்று யோசித்து, அக்காவின் தலையைப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் அவருக்கே ஒற்றை இழைகள் தெரியவில்லை. வரையாமல் விட்டேன்.

அக்காவின் புடவை தம்பியின் இடது கையை மறைக்கும் இடம் தனி. அங்கே தெரியும் விளிம்பு தம்பியுடையது அல்ல, அக்காவுடையது. அதனால் அதன் மென்மை அக்காவின் மறுபக்கத்து விளிம்பைப் போல இருக்க வேண்டும். நான் முழு மாஸ்குக்கும் கொடுத்த மங்கல் அங்கே கொஞ்சம் அதிகமாகி, புடவை ஓரத்தில் தம்பியின் சட்டை வெள்ளை படிந்திருந்தது. அந்த நான்கு அங்குல நீளத்துக்கு மட்டும் மாஸ்கைக் கையால் சிறிய பிரஷில் மறுபடி வரைந்தேன். புடவையின் நிழல் சட்டையில் விழும் மெல்லிய இருட்டையும் Multiply லேயரில் சேர்த்த பிறகுதான் அவர் அக்காவுக்குப் பின்னால் நிற்பதாகத் தெரிந்தது.

கடைசியாக நாய்ஸ். Ctrl+3, Ctrl+4, Ctrl+5 அடித்துச் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பார்ப்பது பழக்கம். Ctrl+2 மறுபடி முழு நிறத்துக்கு. நீலச் சேனலில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லோர் மேலும் கரடுமுரடான புள்ளிகள், தம்பி மட்டும் மெழுகு பூசியதுபோல வழவழப்பு. ஃபோன் எடுக்கும்போதே நாய்ஸைத் துடைத்துவிடுகிறது, மிஞ்சியதையும் சுருக்கியது தின்றுவிட்டது.

கண் அளவில் நாய்ஸ் சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன், அளந்தே சேர்க்கிறேன். ஹிஸ்டோகிராம் பேனலை Expanded View-இல் வைத்தால் அதில் Std Dev என்று ஒரு எண் இருக்கும். தேர்ந்தெடுத்த பகுதியில் பிக்சல்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது அது. மடிப்போ நிறச் சரிவோ இல்லாத 60 × 60 பிக்சல் சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்தால் அது கிட்டத்தட்ட நாய்ஸின் அளவுதான். பேனலில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அதைச் சொடுக்கிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சிறிய பிரதியிலிருந்து தவறான எண்ணைக் காட்டும். சித்தப்பா வேட்டியின் நிழலில் சிவப்பு 4.1, பச்சை 3.2, நீலம் 5.6. தம்பி வேட்டியில் அதே வெளிச்ச அளவுள்ள இடத்தில் மூன்றுமே 1.5-க்குக் கீழே.

50% Gray நிரப்பிய லேயரை Overlay-இல் வைத்து, தம்பிக்குக் கிளிப் செய்து, Add Noise-இல் Gaussian, Monochromatic என்று வழக்கமான முறையில் போட்டேன். வேட்டியில் பச்சை பொருந்தியது, நீலம் பாதிதான் வந்தது. Monochromatic மூன்று சேனலுக்கும் ஒரே புள்ளியைப் போடுகிறது, உண்மையான கேமரா நாய்ஸில் ஒவ்வொரு சேனலும் தனி. அதை எடுத்துவிட்டேன். அடுத்து முடியை அளந்தால் அங்கே நாய்ஸ் ஏறவே இல்லை. Overlay நடுத்தர வெளிச்சத்தில்தான் வேலை செய்யும், இருட்டில் அடங்கிவிடும். மண்டபப் படத்திலோ இருட்டில்தான் நாய்ஸ் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. பிளெண்ட் மோடை Linear Light-க்கு மாற்றினேன். அது இருட்டு, வெளிச்சம் என்று பார்க்காமல் ஒரே அளவாகக் கூட்டிக் குறைக்கும். பலம் அதிகம் என்பதால் Opacity-ஐ 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தேன். புள்ளிகள் ஒற்றைப் பிக்சலாக மணல்போல் கூர்மையாக இருந்ததால் அந்த லேயருக்கு 0.5 பிக்சல் Gaussian Blur. மங்கலாக்கினால் Std Dev உடனே இறங்கிவிடும், எனவே அளப்பது மங்கலுக்குப் பிறகே. பிறகு சேனல்ஸ் பேனலில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சமும், நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதைவிட அதிகமாகவும் அதே லேயரில் Add Noise. வேட்டியில் 4.0, 3.3, 5.4 வந்ததும் நிறுத்தினேன். ஜரிகையில் வெளுத்துப்போன பளபளப்புகளில் மட்டும் நாய்ஸை மாஸ்கால் துடைத்தேன். மற்றவர்களின் ஜரிகையில் அந்த இடங்கள் சுத்த வெள்ளையாக, புள்ளியே இல்லாமல் இருந்தன.

எல்லாம் முடிந்து, ஒரு பிரதியை ஃபிளாட்டன் செய்து, sRGB-க்கு மாற்றி, JPEG தரம் 12-இல் சேமித்து, அந்த JPEG-ஐத் திறந்துதான் கடைசிச் சுற்று. லேபுக்குப் போவது அதுதான், லேயர் உள்ள PSD அல்ல. அதன் மேல் மிகச் செங்குத்தான ஒரு கர்வ்ஸ் லேயரைத் தற்காலிகமாகப் போட்டுப் பக்கம் பக்கமாக இறங்கினேன். காலடியில் ஒன்று மாட்டியது. மற்றவர்களின் காலடி நிழல் பழுப்பு, நான் தம்பிக்கு வரைந்த நிழல் சாம்பல். Multiply லேயரில் கறுப்பால் வரைந்திருந்தேன். தரையில் சித்தப்பாவின் நிழலிலிருந்தே நிறம் எடுத்து, அந்த லேயரின் நிறத்தை மாற்றி, மறுபடி JPEG எடுத்தேன்.

முழு ஃபிரேம் அளவுக்கு அடிக்கும் முன் சோதனைப் பிரிண்ட் ஒன்று போட்டேன். 8 × 12 தாளில் இரண்டு துண்டுகள், இரண்டிலும் தம்பியின் முகமும் தோளும் சித்தப்பாவின் முகமும், உண்மையான 250 பிக்சல் அளவில். ஒன்றில் நாய்ஸ் லேயர் உண்டு, மற்றதில் இல்லை. நாய்ஸ் உள்ள துண்டில் புள்ளி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இல்லாத துண்டில் தம்பியின் கன்னம் பிளாஸ்டிக் போலப் பளபளத்தது. மூத்த மகளிடம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் நீட்டினேன். "இதுல தம்பி மேக்கப் போட்ட மாதிரி இருக்கான்" என்று நாய்ஸ் இல்லாததைத்தான் காட்டினார். அந்தச் சிறிய தாளுக்கான செலவு பெரிய பிரிண்டை ஒருமுறை திரும்ப அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பெரிய அளவு எந்த வேலைக்கும் இனி இதைத் தவிர்க்கப் போவதில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது முக்கியமாகப் படம் கேட்கும் விதத்தில். வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டாம், நடுத்தர நிறச் சுவருக்கு முன்னால் நில்லுங்கள், போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று எழுதி வைத்துவிட்டேன். வெள்ளைக் கோட்டோடு நடந்த போராட்டத்தில் பாதி இந்த ஒரு செய்தியிலேயே குறைந்துவிடும். இன்னொன்று, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை, நிழல், கருமை எண்களையும் மூன்று சேனல் Std Dev-ஐயும் ஆளை வெட்டத் தொடங்கும் முன்பே எடுத்து, PSD-இலேயே ஒரு டெக்ஸ்ட் லேயரில் குறித்துவிடுவது. அக்காவும் தம்பியும் தனியாக நிற்கும் இன்னொரு சின்னப் படமும் அதே மண்டபத்தில் எடுத்ததிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதற்கு இந்த எண்களையே வைத்துத் தொடங்கியிருக்கிறேன்.